பக்கத்து மேசைப் பதிவேட்டில் இருக்கும் நீங்கள்

குடியரசு தினத்தன்று மாவட்டத் தலைநகரங்களில் கொடியேற்றம் முடிந்ததும், சிறப்பாகப் பணியாற்றிய அரசு ஊழியர்களுக்கு ஆட்சியர் நற்சான்றிதழ் வழங்குவார். பரிந்துரைக்கப்படுபவர் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட பக்கங்களைப் பத்து வாங்கி அடுக்கினால் பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். பணியில் சேர்ந்த நாள், வேலை பார்த்த ஊர்கள், பெற்ற பயிற்சிகள், கடைசியில் 'அரசின் திட்டங்களைச் சிறப்பாகச் செயல்படுத்தி வருகிறேன்' என்று ஒரு வரி. முப்பது வருடம் உழைத்தவரும் மூன்று வருடம் உழைத்தவரும் அந்த வரியில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். இது என்னை வெகுநாளாக உறுத்துகிற விஷயம்.

தன்னைப் பற்றித் தானே எழுதாமல், கூட வேலை பார்ப்பவரை எழுதச் சொன்னால் என்ன நடக்கும்? அதை ஒரு சிறுகதையாகச் சொல்வதே தெளிவாக இருக்கும். கதையில் வரும் இரண்டு பெண்களும் அவர்களுக்கு நேர்வதும் கற்பனை. அவர்களுடைய தொழில், அதன் நடைமுறைகள், அவர்கள் ஊரை அடித்த புயல் ஆகியவை உண்மை.

வேதாரண்யம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மூத்தவர் அங்கே மருந்தாளுநர். மாத்திரை கொடுப்பதோடு தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டிக்கும் அவர்தான் பொறுப்பு. இளையவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் அவரை நர்ஸம்மா என்பார்கள். புதன்கிழமை தோறும் மருந்தாளுநரிடம் தடுப்பூசிக் குப்பிகளைக் கணக்குப் பார்த்து வாங்கி, ஐஸ் பேக் வைத்த பெட்டியில் அடுக்கித் தன் கிராமங்களுக்குக் கொண்டுபோவார். பிள்ளைகளுக்குப் போட்டு முடித்துச் சாயங்காலம் மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பார். பத்து வருடமாக இருவருக்கும் இடையில் வாராவாரம் நடக்கிற கொடுக்கல் வாங்கல் இது.

ஒரு டிசம்பர் மாதம் மருத்துவ அலுவலர் இருவரையும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எதிரிலிருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் எழுதினார்கள். முடித்ததும் தாளை மாற்றிப் படித்தார்கள். ஊர்ப் பெயர்களைத் தவிர வேறு வித்தியாசமே இல்லை.

"என்னக்கா இது, பார்த்து எழுதின மாதிரி இருக்கு."

"இருந்தா என்ன? சொல்றதுக்கு வேற என்ன இருக்கு எனக்கு? மாத்திரை எண்ணிக் குடுத்தேன், ரிஜிஸ்டர் எழுதினேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. உங்களோடதை நான் எழுதறேன். என்னோடதை நீங்க எழுதுங்க."

முதல் முயற்சி தோற்றது. இளையவர் எழுதியது: 'கடின உழைப்பாளி, கனிவானவர், நேரம் தவறாதவர்.' மூத்தவர் எழுதியதும் ஏறத்தாழ இதேதான், 'அன்பானவர்' மட்டும் கூடுதல். அடுத்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதலில் கைக்கு வருவது பாராட்டு. அதில் ஆள் தெரிவதில்லை. அந்த மூன்று சொற்களை யாருடைய பெயருக்குக் கீழே எழுதினாலும் பொருந்தும். பக்கம் பக்கமாகப் பாராட்டு வரும் பணி நிறைவு விழா மலர்களில் மனிதர் காணாமல் போவதும் இதனால்தான்.

மூத்தவர் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு விதமாகக் கேட்டார். "இந்த ஆஸ்பத்திரியில நீ என்னைக்கு ரொம்பப் பயந்த?"

இளையவர் யோசிக்கவே இல்லை. "கஜா அன்னைக்கு. நீங்க?"

"அதேதான்."

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று விடிவதற்கு முன் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. கதையின் ஆஸ்பத்திரியில் முந்தின நாள் வியாழக்கிழமை இரவே மின்சாரம் போய்விட்டது. உள்ளே குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்கான தடுப்பூசி இருந்தது.

தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டும். அதற்கென்று உள்ள குளிர்பெட்டியை ஆஸ்பத்திரியில் ஐ.எல்.ஆர். என்பார்கள். சுவர்களுக்குள் உறைந்த நீர் இருப்பதால், மூடியைத் திறக்காமல் விட்டால் மின்சாரம் போன பிறகும் பல மணி நேரம் குளிர் தாங்கும். எத்தனை மணி நேரம் என்பது பெட்டியையும் வெளி வெப்பத்தையும் பொறுத்தது. சூடு ஏறினால் தடுப்பூசி வீரியம் இழக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் சில ஊசிகள் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. பென்டா, ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் ஊசி மூன்றும் அந்த வகை. ஆகவே பயத்தில் நிறைய ஐஸை அள்ளிப் போடுவதும் ஆபத்து.

அந்த இரண்டு நாளும் மருந்தாளுநர் செய்ததை இளையவர் சொல்லச் சொல்ல, மூத்தவர் ஏதோ அடுத்த வீட்டுக் கதையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐ.எல்.ஆர். மூடியை யாரும் தொடக் கூடாது என்று அதன்மேல் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து வைத்தது. காலையும் மாலையும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வெப்பமானி பார்த்து எழுதியது. வெப்பம் ஏறத் தொடங்கியதும், 8 டிகிரியைத் தொடும்வரை காத்திருக்காமல் ஜெனரேட்டர் ஓடுகிற அரசு மருத்துவமனைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தது. ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸ் பேக் ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்தது.

"எதுக்கு ஆட்டுறீங்கன்னு கேட்டேன். உள்ள தண்ணி சலசலன்னு கேக்கணும், கட்டியா இருந்தா பென்டா உறைஞ்சிடும்னு சொன்னீங்க. அதை எனக்கு டிரெயினிங்ல சொல்லியிருந்தாங்க. ஆனா அன்னைக்கு எனக்கு அது ஞாபகமே வரல. எப்படியாவது ஐஸ் போட்டு மூடினா போதும்னு நின்னேன்."

"அது எல்லாரும் செய்யறதுதானேம்மா."

அந்தப் பதிலில்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே இருக்கிறது. வேலை தெரிந்தவருக்குத் தான் செய்வது விசேஷமாகத் தெரியாது. ஐஸ் பேக்கை ஆட்டிப் பார்ப்பது அவர் கைக்குப் பழகிவிட்டது. பழகிய செயல் செய்தவர் நினைவில் தனியாகத் தங்குவதில்லை. பக்கத்தில் நின்று, தனக்குத் தோன்றாதது இவருக்குத் தோன்றியதே என்று வியந்தவரின் நினைவில் அது தங்கிவிடுகிறது. மூத்தவர் எழுதிய முதல் தாளில் கஜா என்ற சொல்லே இல்லாததற்குத் தன்னடக்கம் மட்டும் காரணமில்லை. அதைச் சாதனை என்று அவர் மனம் எடுத்து வைக்கவே இல்லை.

உளவியலாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சிமின் வசீர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மனிதரைப் பற்றி அவரே சரியாகச் சொல்லக்கூடியது எது, நண்பர்கள் சரியாகச் சொல்லக்கூடியது எது என்று பிரித்துப் பார்த்தது. மனக்கவலை போல உள்ளே நடப்பதை அவரவரே சரியாகச் சொன்னார்கள். அறிவுத்திறன், படைப்புத்திறன் போன்றவற்றைக் கணிப்பதில் நண்பர்கள் முந்தினார்கள். 'நான் எப்படிப்பட்டவள்' என்ற கேள்விக்கு ஒரு பாதிப் பதில்தான் நம்மிடம் இருக்கிறது. மறுபாதி கூட இருப்பவரிடம் இருக்கிறது.

டேனியல் வெக்னர் 1980-களில் இன்னொன்றைச் சொன்னார். நெடுநாள் சேர்ந்திருப்பவர்கள் நினைவுகளையும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்பது அது. இதை அவர் ஞாபகம் வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் நாம் விட்டுவிடுகிறோம், அவரும் அப்படியே விடுகிறார். கணவன் மனைவியிடம் இதைத் தினமும் பார்க்கலாம். பத்து வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது நடக்கிறது. உங்கள் பணிவாழ்வின் ஒரு பகுதி உங்களிடம் இல்லை, பக்கத்து மேசையில் இருக்கிறது.

டீக்கடைக்குத் திரும்புவோம். இரண்டாவது டீ வந்தது. மூத்தவர் கதை சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"நாலு நாள் கரண்ட் இல்லாம ஐ.எல்.ஆரைக் காப்பாத்தினோம்ல?"

"மூணு நாள்னு நினைக்கிறேன்."

இருவரும் எழுந்துபோய் வெப்பநிலைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். வியாழன் மாலை 4 டிகிரி. வெள்ளி காலை 4, மாலை 5. சனி காலை 7. சனி மதியம் 'தடுப்பூசிகள் மாற்றப்பட்டன' என்று பென்சிலில் ஒரு வரி. வியாழன் இரவிலிருந்து சனி மதியம் வரை ஒன்றரை நாள்தான். நினைவு அதை நாலு நாளாக நீட்டியிருக்கிறது. இருவர் சேர்ந்து நினைத்தால் உண்மை வந்துவிடும் என்பதில்லை. இருவர் சேர்ந்து மிகைப்படுத்தவும் முடியும். எந்த நாளைத் தேடுவது என்று நினைவு காட்டிக் கொடுக்கும். எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி என்பதைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஒன்றரை நாள் என்று சுருங்கியதால் சாதனை சிறுத்துவிடவில்லை என்பது என் எண்ணம். '7 டிகிரியில் மாற்ற முடிவெடுத்தார்' என்ற வரி, 'நாலு நாள் காப்பாற்றினார்' என்பதைவிடப் பலம் வாய்ந்தது. எல்லை 8 என்று தெரிந்த எவரும் அந்த ஒரு டிகிரியில் இருக்கும் நிதானத்தைப் புரிந்துகொள்வார்.

மருத்துவமனையில் பெட்டியைத் திறந்தபோது குப்பிகளின் அடையாளச் சதுரங்கள் வெளிறியே இருந்தன என்றும் பதிவேட்டில் இருந்தது. குப்பிமேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சூடுபட்டால் சதுரம் கறுக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை ஊசியைப் பயன்படுத்தலாம். அந்த வரியைப் படித்த பிறகு மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி, இப்ப உன்னோடது," என்று தாளைத் திருப்பினார்.

"என்கிட்ட அப்படிப் புயல் கதையெல்லாம் இல்லக்கா."

"இல்லைன்னு நீ சொல்லாத. உன் கணக்கு என்கிட்ட இருக்கு."

தடுப்பூசி இருப்புப் பதிவேட்டை அவர் விரித்தார். ஒவ்வொரு செவிலியரும் எத்தனை குப்பி வாங்கினார், எத்தனை திறந்தார், எத்தனை பிள்ளைக்குப் போட்டார் என்று அதில் இருக்கும். எம்.ஆர். என்னும் தட்டம்மை, ரூபெல்லா ஊசியை எடுத்துக்கொண்டார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பெரிய முகாமாக அறிமுகமான ஊசி அது. தூளாக இருக்கும் மருந்தை நீர் கலந்து கரைத்த பிறகு நாலு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். அஞ்சு டோஸ் குப்பியை ஒரு பிள்ளைக்காகத் திறந்தால் நாலு டோஸ் வீண். ஆனாலும் ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் திறந்து போட வேண்டும் என்பதுதான் விதி.

"மத்தவங்க பத்துப் பிள்ளைக்கு நாலு குப்பி, அஞ்சு குப்பி திறப்பாங்க. உனக்கு எப்பவும் ரெண்டு, இல்ல மூணு. வருஷக் கணக்கா பார்க்கறேன். எப்படின்னு கேட்டதே இல்ல. எப்படிம்மா?"

இளையவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே அன்றுவரை தெரியாது. அவர் பார்ப்பது தன் கிராமத்துப் பிள்ளைகளை மட்டும். மற்றச் செவிலியர்களின் குப்பிக் கணக்கு அவர் கண்ணில் பட வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க முடிந்த ஒரே ஆள் எல்லோருக்கும் குப்பி கொடுக்கிற மருந்தாளுநர்தான்.

நான் மருந்தாளுநராக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் பயப்பட்டிருப்பேன். வீணடிப்பு குறைவாக இருப்பதற்கு ஒரு கெட்ட காரணமும் இருக்க முடியும். தனியாக வந்த பிள்ளையை, 'அடுத்த வாரம் வாம்மா' என்று திருப்பி அனுப்பினாலும் குப்பி மிச்சமாகும். அந்தத் தாய் அடுத்த வாரம் வராமலே போகலாம். குறைந்த வீணடிப்பை மட்டும் வைத்து ஒருவரைப் பாராட்டினால், பிள்ளையைத் திருப்பி அனுப்பியவரைப் பாராட்டியதாகவும் ஆகிவிடும். கதையின் மூத்தவர் அனுபவசாலி. ஊசி போட வேண்டிய பிள்ளைகளின் பட்டியலையும் கொண்டுவரச் சொன்னார். ஒன்பது மாதம் முடிந்த பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரே தேதி விழுந்திருந்தது. விடுபட்டவை ஒன்றிரண்டு. அந்தக் குடும்பங்கள் ஊர் மாறிப் போயிருந்தன. போன ஊரின் பெயர் ஓரத்தில் எழுதியிருந்தது.

அப்புறம்தான் இளையவர் சொன்னார். உப்பள வேலைக்குப் போகிற தாய்மார்கள் விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். காலையில் முகாம் போட்டால் பாட்டிமார்தான் பிள்ளையைத் தூக்கி வருவார்கள், அதுவும் பாதிப் பேர். ஆகவே அந்தக் குடியிருப்புக்கு மட்டும் மருத்துவ அலுவலரிடம் கேட்டுக்கொண்டு முகாமை மதியத்துக்கு மேல் மாற்றினார். முந்தின நாள் சாயங்காலமே வீடு வீடாகப் போய் யார் யார் வருவார்கள் என்று கேட்டுக்கொள்வார். ஒன்றாக உட்கார வைத்த பிறகே குப்பியைக் கரைப்பார். அட்டையைத் தொலைத்துவிடும் வீடுகளுக்காக எல்லாத் தேதிகளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தனியாக எழுதி வைத்திருந்தார்.

"அந்த நோட்டு இருக்கா?"

"வீட்ல இருக்குக்கா. அது சும்மா எனக்காக எழுதினது."

மூத்தவர் எழுதிய குறிப்பின் கடைசி வடிவம் இது:

'உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் தடுப்பூசி முகாமை, மருத்துவ அலுவலர் அனுமதியுடன், தாய்மார்கள் வேலை முடிந்து திரும்பும் மதிய நேரத்துக்கு மாற்றியவர். முந்தின நாளே வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சேர்த்ததால், அவருடைய பகுதியில் ஊசி விடுபட்ட பிள்ளைகளும் குறைவு, வீணான மருந்தும் குறைவு. இருப்புப் பதிவேடும் பிள்ளைகள் பட்டியலும் இதற்குச் சான்று. அட்டை தொலைத்த குடும்பங்களுக்காகத் தனி நோட்டு பராமரித்து வருகிறார்.'

இதில் 'சிறந்த', 'அர்ப்பணிப்பு', 'அயராத' எதுவும் இல்லை. இருந்தும் படிப்பவருக்கு ஒரு ஆள் தெரிகிறார். முதல் வாக்கியத்தில் அவர் செய்த காரியம், இரண்டாவதில் விளைவு, மூன்றாவதில் சான்று இருக்கும் இடம். 'மருத்துவ அலுவலர் அனுமதியுடன்' என்பதை இளையவரே சேர்க்கச் சொன்னார். தன் இஷ்டத்துக்கு நேரம் மாற்றியதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பது அவர் கவலை.

மூத்தவரின் குறிப்பிலும் திருத்தம் நடந்தது. 'புயலில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் உயிரைக் காத்தார்' என்று இளையவர் ஆசையாக எழுதியிருந்தார். மூத்தவர் அதை அடித்தார். "எத்தனை உயிர்னு யாரு எண்ணினா? ஒரு மாச ஊசி கெடாம இருந்துச்சு. அது வரைக்கும் எழுது." இன்னொன்றும் சொன்னார். சாய்ந்த தென்னை மரங்களைத் தாண்டிப் பெட்டியைத் தூக்கியது ஓட்டுநரும் துப்புரவுப் பணியாளரும். அவர்கள் இல்லாமல் அந்த வரி இருக்கக் கூடாது. 'ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் உதவியுடன்' என்பது சேர்ந்தது. பிறர் எழுதும் குறிப்பைச் சம்பந்தப்பட்டவரிடம் காட்டாமல் கொடுக்கவே கூடாது என்பேன். மறந்ததை எழுதுபவர் மீட்டுத் தருவார். மிகையை எழுதப்பட்டவர்தான் குறைக்க முடியும்.

இதை நீங்கள் செய்து பார்ப்பதானால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். முதலில் இருவரும் பேசாமல் தனித்தனியே எழுதுங்கள், பிறகு பேசுங்கள். பலர் சேர்ந்து நினைவுகூரும்போது, தனித்தனியே எழுதிச் சேர்த்தால் வரும் அளவைவிடக் குறைவாகவே நினைவுக்கு வருகிறது என்று 1990-களிலிருந்து பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒருவர் பேசத் தொடங்கியதும் மற்றவர் தன் வரிசையை விட்டு அவர் பின்னால் போய்விடுவது ஒரு காரணம். கஜாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் உப்பளக் குடியிருப்பு வந்திருக்காது. எல்லோரும் இதற்குப் பொருந்த மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே பதவி உயர்வுக்குப் போட்டியிடும் இருவர், மேலதிகாரியும் அவர் கீழ் வேலை செய்பவரும், ஒருவருக்கொருவர் எழுதினால் உண்மை வராது. வேறு வேறு வேலையும் பொதுவான கணக்கு வழக்கும் உள்ள இருவர்தான் சரியான இணை. வங்கிக் காசாளரும் கடன் பிரிவு எழுத்தரும், பள்ளி ஆய்வக உதவியாளரும் வேதியியல் ஆசிரியரும், பேருந்து நடத்துநரும் பணிமனைக் கணக்கரும் அப்படிப்பட்டவர்கள்.

கேள்வியும் முக்கியம். 'உங்கள் சாதனை என்ன' என்று கேட்டால் சான்றிதழும் கேடயமும்தான் நினைவுக்கு வரும். 'என்றைக்குப் பயந்தீர்கள்', 'எதற்காக வேலை நேரத்தை மாற்றிக்கொண்டீர்கள்', 'நீங்கள் விடுப்பில் போன அன்று எது நின்றுபோனது' என்று கேட்டால் வேலை நினைவுக்கு வரும்.

அரசு அலுவலகங்களில் பதிவேடுகளை என்றென்றும் வைத்திருப்பதில்லை. குறிப்பிட்ட வருடங்கள் முடிந்ததும் கழித்துவிடுவார்கள். தனியார் அலுவலகங்களில் கணினி மாற்றும்போதே பழைய கோப்புகள் போய்விடுகின்றன. உங்கள் அலுவலகத்தில் அடுத்த முறை பழைய பதிவேடுகளை மூட்டை கட்டுவதற்கு முன், பக்கத்து மேசைக்காரரை ஒரு டீக்கு அழைத்துப் போய், அவர் பதிவேட்டில் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பதிவேட்டில் அவரைப் பற்றி இருப்பதையும் எழுதிக் கொடுங்கள்.